மூன்று மைலுக்கு எத்தனை நிமிடம்?

2023 ஜனவரி மாதம் நியூயார்க் நகரின் மஞ்சள் டாக்சிகள் ஓடிய ஓட்டம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கியிருக்கிறது. மொத்தம் 30,66,766 வரிகள். ஒரு வரிக்கு ஒரு சவாரி. அந்நகரின் டாக்சி, லிமோசின் ஆணையம் மாதந்தோறும் இப்படி ஒரு கோப்பைப் பொதுவில் வைக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கட்டணம், டிப்ஸ், சுங்கம் என்று 19 பத்திகள் அதில் உண்டு. நமக்கு வேண்டியவை மூன்றுதான்: ஏறிய நேரம், இறங்கிய நேரம், மீட்டர் காட்டிய தூரம்.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு, “மூன்று மைல் போகவேண்டும், மணி மாலை ஐந்து, எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற கேள்விக்கு ஒரு எண்ணைப் பதிலாகத் தரும் சூத்திரத்தைக் கட்டிவிடலாம். பள்ளிப் புள்ளியியலில் ‘தொடர்புப் போக்கு’ என்ற பெயரில் நாம் படித்ததுதான். கணினி அதை நொடியில் போட்டுவிடும். அது போடுவதற்கு முன்னும் போட்ட பின்னும் நாம் செய்ய வேண்டியதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் கோப்பைத் திறந்து, இறங்கிய நேரத்திலிருந்து ஏறிய நேரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஜனவரிக் கோப்பில் சவாரிகளைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 11.5 நிமிடம். தூரத்தில் நடுவில் நிற்பது 1.8 மைல், அதாவது மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மன்ஹாட்டனுக்குள் போகிற சாதாரண சவாரி அது. ஆனால் வரிசையின் இரு முனைகளையும் பாருங்கள். மிகக் குறைந்த பயண நேரம் மைனஸ் 29 நிமிடம். பயணி ஏறுவதற்கு முன்பே இறங்கிவிட்டார். மிக நீண்டது 10,029 நிமிடம், கிட்டத்தட்ட ஏழு நாள். மிக நீண்ட தூரம் 2,58,928 மைல். பூமியிலிருந்து சந்திரன் சராசரியாக 2,39,000 மைல் தொலைவில்தான் இருக்கிறது.

மீட்டரை நிறுத்த மறந்தால், கருவியின் கடிகாரம் பிசகினால், தகவல் அனுப்பும்போது இலக்கம் சிதைந்தால் இப்படிப்பட்ட வரிகள் விழும். கிட்டத்தட்ட 24 மணி நேரம் ஓடியதாகச் சொல்லும் சவாரிகள் இந்தப் பதிவுகளில் ஒரு கூட்டமாகவே தென்படும். இவற்றின் விளைவு பெரிது. அந்த மாதப் பயண நேரங்களின் திட்ட விலக்கம் 42.59 நிமிடம். பாதிச் சவாரிகள் 11.5 நிமிடத்துக்குள் முடியும் ஊரில் இவ்வளவு விலக்கம் நெரிசலால் வரவில்லை, மூடாத மீட்டர்களால் வந்தது.

ஒரே ஒரு கெட்ட வரி என்ன செய்யும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கணக்குப் புரிவதற்காக நானாக எழுதிக்கொண்ட ஐந்து சவாரிகள் இவை. 1, 2, 3, 4, 5 மைல் தூரத்துக்கு முறையே 8, 11, 17, 19, 25 நிமிடம் ஆனதாக வைத்துக்கொள்வோம். தூரத்தின் சராசரி 3, நேரத்தின் சராசரி 16. ஒவ்வொரு சவாரியும் இந்தச் சராசரிகளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, தூர விலகலை நேர விலகலால் பெருக்கிக் கூட்டினால் 42 வருகிறது. தூர விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 4.2. ஒரு மைல் கூடினால் 4.2 நிமிடம் கூடும் என்று பொருள். இதுதான் கோட்டின் சாய்வு. சராசரி நேரமான 16-லிருந்து 3 × 4.2-ஐக் கழித்தால் மிச்சம் 3.4. ஆக, நேரம் = 3.4 + 4.2 × தூரம்.

அந்த 3.4 நிமிடம் என்ன? தூரம் பூஜ்யமாக இருந்தாலும் செலவாகும் நேரம் அது. கதவைத் திறந்து, பெட்டியை வைத்து, வண்டி ஓரத்திலிருந்து கிளம்பி, முதல் சிக்னலில் நின்று, கடைசியில் பணம் கொடுத்து இறங்குவது வரை எல்லாம் அதற்குள் அடங்கும். இப்படி நேரடிப் பொருள் இருப்பதால்தான் இந்த எளிய கோட்டின் மேல் எனக்கு மதிப்பு. சூத்திரம் எழுதிக் காட்டிய எண்ணை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சரிதானா என்று கேட்க முடிகிறது.

கோடு தரும் விடைகள் 7.6, 11.8, 16, 20.2, 24.4. உண்மைக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் எதிலும் ஒன்றேகால் நிமிடத்தைத் தாண்டவில்லை. இனி ஆறாவதாக ஒரு சவாரியைச் சேர்ப்போம்: 2 மைல், ஆனால் மீட்டரை நிறுத்த மறந்ததால் 1,430 நிமிடம். திரும்பக் கணக்குப் போட்டால் சாய்வு மைனஸ் 105 ஆகிறது. ஒரு மைல் கூடக் கூடப் பயண நேரம் ஒன்றே முக்கால் மணி நேரம் குறையும் என்கிறது கோடு. நல்ல சவாரிகள் ஐந்து இருந்தும் ஒன்று ஜெயித்துவிட்டது. மீச்சிறு வர்க்க முறை பிழைகளை வர்க்கப்படுத்தித்தான் கூட்டுகிறது. பத்து மடங்கு பிழை அங்கே நூறு மடங்காகத் தெரியும், அதைச் சமாதானப்படுத்தக் கோடு மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு புள்ளியை நோக்கி ஓடும்.

ஆகவே வடிகட்ட வேண்டும். ஆனால் எதை வைத்து வடிகட்டுவது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தக் கோப்பைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் 1 நிமிடத்துக்குக் குறைவானதையும் 60 நிமிடத்துக்கு மேற்பட்டதையும் தள்ளிவிடுவார்கள். 100-ல் 98 சவாரிகள் தப்பிவிடும், பார்க்க நியாயமாகவே இருக்கும். ஆனால் கென்னடி விமான நிலையத்திலிருந்து மாலை நேரத்தில் மன்ஹாட்டனுக்கு வரும் வண்டி ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சகஜம். 60 நிமிடத்தில் கத்தி வைத்தால் வேகமாக வந்த விமான நிலையச் சவாரி உள்ளே நிற்கும், நெரிசலில் மாட்டிய சவாரி வெளியே போகும். மிச்சமிருக்கும் பதிவுகளைப் பார்த்துக் கோடு, நீண்ட பயணங்கள் உண்மையில் இருப்பதைவிட வேகமானவை என்று கற்றுக்கொள்ளும். எதைக் கணிக்கப் போகிறோமோ அதையே அளவுகோலாக வைத்து வெட்டினால் இப்படித்தான் நடக்கும். இதற்கு நான் விரும்பும் வழி வேகத்தைப் பார்ப்பது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். மணிக்கு 1 மைலுக்குக் கீழே என்றால் நடந்தே போயிருக்கலாம், 60-க்கு மேலே என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. நேரத்துக்கு வைக்கும் எல்லையைத் தாராளமாக மூன்று மணி நேரம் என்று விட்டுவிடலாம்.

```python
import pandas as pd
df = pd.read_parquet("yellow_tripdata_2023-01.parquet")
t = df["tpep_dropoff_datetime"] - df["tpep_pickup_datetime"]
df["minutes"] = t.dt.total_seconds() / 60
df["hour"] = df["tpep_pickup_datetime"].dt.hour
df = df[df["minutes"].between(1, 180)]
mph = df["trip_distance"] / (df["minutes"] / 60)
df = df[mph.between(1, 60)]
```

பைத்தானில் இவ்வளவுதான். கடைசி வரி ஓடியதும், தூரம் பூஜ்யம் என்று பதிவானவையும் சந்திரனைத் தாண்டியவையும் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்து மணி. இங்கேதான் முதல்முறை செய்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஏறிய மணி 0-லிருந்து 23 வரை ஓர் எண்ணாகக் கையில் இருக்கிறது. தூரத்தைப் போலவே அதையும் சூத்திரத்தில் போட்டால் கணினி மறுக்காது, ஒரு சாய்வைக் கண்டுபிடித்துத் தந்துவிடும். ஆனால் அந்தச் சாய்வு சொல்வது என்னவென்றால், ஒவ்வொரு மணி நேரம் கூடும்போதும் பயண நேரம் ஒரே அளவில் ஏறும் அல்லது இறங்கும் என்பது. ஏறுவதாக வைத்தால், நாளிலேயே இரவு 11 மணிதான் மிக மெதுவானது, அடுத்த ஒரு மணி நேரத்தில் வரும் நள்ளிரவு 12 மணிதான் மிக வேகமானது. எந்த ஊர்ச் சாலையும் அப்படி இல்லை. 23-க்கும் 0-க்கும் எண்ணில் இடைவெளி பெரிதாக இருந்தாலும் கடிகாரத்தில் அவை பக்கத்து வீடுகள். அதனால் மணியை அளவாகக் கருதாமல் பெயராகக் கருத வேண்டும். காலை எட்டு ஒரு பெட்டி, ஒன்பது இன்னொரு பெட்டி, ஆக மொத்தம் 24 பெட்டிகள்.

பெட்டி போட்டாயிற்று. அந்தப் பெட்டி சூத்திரத்துக்குள் எங்கே உட்கார வேண்டும்? பலரும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கூட்டல் எண்ணைத் தருவார்கள். மாலை என்றால் இத்தனை நிமிடம் சேர், விடியற்காலை என்றால் இத்தனை நிமிடம் கழி என்று. இது ஏன் பொருந்தாது என்பதைச் சிறு உதாரணத்தில் காணலாம். ஒரு கற்பனைச் சாலையில் விடியற்காலை மைலுக்கு 3 நிமிடமும் பிற்பகலில் மைலுக்கு 7 நிமிடமும் ஆகிறது என்போம். ஏறி இறங்கும் செலவு எப்போதும் 4 நிமிடம். அப்படியானால் விடியற்காலையில் 1 மைலுக்கு 7 நிமிடம், 9 மைலுக்கு 31 நிமிடம். பிற்பகலில் 1 மைலுக்கு 11, 9 மைலுக்கு 67. ஒரு மைல் பயணத்தில் நெரிசல் எடுத்துக்கொண்டது 4 நிமிடம், ஒன்பது மைல் பயணத்தில் 36 நிமிடம். இதற்குப் பொதுவான ஒரே கூட்டல் எண் எப்படி இருக்க முடியும்?

இந்த நான்கு சவாரிகளுக்கும் கூட்டல் முறையில் கோடு போட்டால் பொதுச் சாய்வு மைலுக்கு 5 நிமிடம் என்றும், பிற்பகலுக்குக் கூடுதலாக 20 நிமிடம் என்றும் வரும். அதன்படி விடியற்காலையில் ஒரு மைல் போக ஆகும் நேரம் மைனஸ் 1 நிமிடம். நான்கில் ஒவ்வொன்றிலும் சரியாக 8 நிமிடப் பிழை. நெரிசல் பயணத்தின் தொடக்கத்தில் ஒருமுறை வாங்கும் வரி இல்லை, மைலுக்கு மைல் வாங்குவது. ஆகவே மணி மாற்ற வேண்டியது சாய்வைத்தான். எல்லாச் சவாரிக்கும் பொதுவான ஒரு தொடக்கச் செலவு, ஒவ்வொரு மணிக்கும் தனியான ‘மைலுக்கு இத்தனை நிமிடம்’. மொத்தம் 25 எண்கள்.

```python
import statsmodels.formula.api as smf
s = df.sample(200_000, random_state=1)
m = smf.ols("minutes ~ trip_distance:C(hour)", data=s).fit()
print(m.params)
```

`C(hour)` என்பது ‘மணியைப் பெயராக எடுத்துக்கொள்’ என்ற கட்டளை. நடுவிலுள்ள முக்காற்புள்ளி, தூரத்தின் சாய்வை மணிக்கு மணி மாற்று என்கிறது. முப்பது லட்சம் வரிகளையும் ஏற்றினால் சாதாரண மடிக்கணினி திணறும் என்பதால் இரண்டு லட்சத்தைக் குலுக்கி எடுத்திருக்கிறேன். 25 எண்களைக் கண்டுபிடிக்க அதுவே ஏராளம்.

உங்கள் சொந்த வண்டிக்குறிப்பை வைத்துச் செய்வதென்றால் கதை வேறு. நூறு பயணங்களை 24 பெட்டியில் பிரித்தால் ஒரு பெட்டிக்கு நாலைந்துதான் விழும். ஒரு நாள் மழையோ ஒரு ஊர்வலமோ அந்த மணியின் தலையெழுத்தை மாற்றிவிடும். அங்கே விடியல், காலை நெரிசல், நடுப்பகல், மாலை நெரிசல், இரவு என்று ஐந்து பெட்டிகளோடு நிறுத்துவது நல்லது. ஒரு பெட்டிக்கு இருபது முப்பது பயணமாவது சேரும்வரை அதன் எண்ணை நான் நம்பமாட்டேன். ஞாயிறு காலை எட்டு மணியும் செவ்வாய் காலை எட்டு மணியும் ஒரே பெட்டியில் கிடப்பதும் தொல்லைதான். பதிவு தாராளமாக இருந்தால் வேலைநாள், விடுமுறை என்று பெட்டிகளை இரண்டாகப் பிரிக்கலாம். நியூயார்க் கோப்பில் ஜனவரி 1-ம் தேதியே ஒரு ஞாயிறு. புத்தாண்டு பிறந்த நள்ளிரவில் டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி ஓடிய சவாரிகள் எல்லாம் ‘0 மணி’ என்ற பெட்டியில்தான் இருக்கின்றன.

கோடு தயார். அது நல்ல கோடா என்பதை எப்படி அறிவது? கற்றுக்கொண்ட பதிவுகளிலேயே சோதித்துப் பார்ப்பது, வினாத்தாளைக் கொடுத்துப் படிக்கவைத்து அதே வினாத்தாளில் தேர்வு வைப்பது போல. கலைத்துப் போட்டுப் பாதியை ஒதுக்கி வைப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. நெரிசல் மிகுந்த ஒரு புதன்கிழமையின் சவாரிகள் இரு பாதியிலும் இருக்கும், கோடு அந்த நாளை ஏற்கெனவே பார்த்திருக்கும். நாம் கணிக்கப் போவதோ இன்னும் வராத நாளை. ஆகவே ஜனவரியில் கற்றுப் பிப்ரவரியில் சோதிப்பதே நேர்மையான தேர்வு. எம்எல்ஆப்ஸ் ஜூம்கேம்ப் என்ற இலவசப் பாடத்தில் இதே இரண்டு மாதக் கோப்புகளை வீட்டுப்பாடமாகத் தருகிறார்கள். தூரத்தைத் தொடாமல், ஏறிய மண்டலம், இறங்கிய மண்டலம் ஆகியவற்றின் எண்களை மட்டும் வைத்து ஒரு நேர்கோட்டுக் கணக்கு. ஜனவரியில் அதன் பிழை 7.64 நிமிடம், பிப்ரவரியில் 7.81. பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்ட எண் இது. இரண்டும் நெருக்கமாக இருப்பதால், அந்தக் கணக்கு ஜனவரியை மனப்பாடம் செய்துவிடவில்லை என்று தெரிகிறது. அவர்கள் 60 நிமிடத்துக்கு மேற்பட்டதை வெட்டிவிடுவதால், மூன்று மணி நேரம் வரை அனுமதிக்கும் நம் கோட்டை இந்த எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. இரண்டையும் ஒரே வடிகட்டலில் ஓட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒற்றை எண்ணோடும் நின்றுவிடக் கூடாது. உண்மை நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்து, அந்த மிச்சத்தைத் தூரவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். எல்லாத் தூரத்திலும் மிச்சத்தின் சராசரி பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் நேர்கோடு போதும். நீண்ட தூரத்தில் அது கீழே சரிந்தால், அங்கே உண்மை நேரம் கோடு சொன்னதைவிடக் குறைவு. நியூயார்க்கில் இதை எதிர்பார்க்கவே வேண்டும். இரண்டு மைல் சவாரி சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும், பதினைந்து மைல் சவாரி பெரும்பகுதி விரைவுச்சாலையில் ஓடும். ஒரே மைலுக்கு இரண்டும் ஒரே நேரம் எடுப்பதில்லை. 5 மைல் வரை ஒரு சாய்வு, அதற்கு மேல் இன்னொரு சாய்வு என்று கோட்டை ஓரிடத்தில் மடக்கினால் இது பெரும்பாலும் சரியாகும்.

கோப்பிலுள்ள தூரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது சோதனையில் அகப்படாத கோளாறு. `trip_distance` என்பது பயணம் முடிந்த பின் மீட்டர் காட்டிய தூரம். நெரிசலுக்காக ஓட்டுநர் சுற்றிப் போயிருந்தால் அந்தச் சுற்றும் அதில் சேர்ந்திருக்கும். கிளம்பும் முன் நம் கையில் இருப்பதோ வரைபடம் சொல்லும் தூரம் மட்டும். நடந்து முடிந்ததைப் பார்த்துக் கற்ற கோட்டிடம் நடக்கப் போவதைக் கேட்கிறோம். பிப்ரவரிக் கோப்பிலும் மீட்டர் தூரமே இருப்பதால் அங்கே பிழை அழகாகச் சிறியதாகத் தெரியும், தெருவில் இறங்கியதும் பெரிதாகும். உங்கள் பயணங்களை நீங்களே குறித்துவைப்பதாக இருந்தால், வந்து சேர்ந்தபின் ஓடோமீட்டரைப் பார்த்து எழுதாமல், கிளம்புமுன் வரைபடத்தில் பார்த்த தூரத்தை எழுதிவையுங்கள். பின்னால் கோட்டிடம் கேட்கும்போதும் அதே தூரத்தைத்தான் கொடுக்கப் போகிறீர்கள்.

சராசரிக்கு ரயில் பிடிக்கக் கிளம்பக் கூடாது என்பதும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. கோடு 40 நிமிடம் என்றால் அதே தூரம், அதே மணியில் போன பயணங்களின் சராசரி அது. கணிசமானவை அதைத் தாண்டித்தான் போயிருக்கும். நெரிசல் பயணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டும், ஆனால் எவ்வளவு காலியான சாலையும் ஓர் அளவுக்கு மேல் சுருக்காது. அதனால் தாமதத்தின் பக்கம் வால் நீளம். தூரம் கூடக் கூட அந்த வாலும் நீளும். பத்தில் ஒன்பது முறை போய்ச் சேர வேண்டுமென்றால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: எந்தக் கோட்டுக்குக் கீழே 100-க்கு 90 சவாரிகள் விழுகின்றன? சூத்திரம் அதேதான், `ols` இருந்த இடத்தில் `quantreg` வரும்.

```python
q = smf.quantreg("minutes ~ trip_distance:C(hour)", data=s).fit(q=0.9)
```

இதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், கணினி சராசரிக் கோட்டைவிட அதிக நேரம் எடுக்கும். இரு கோடுகளையும் ஒரே மணிக்கு அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த மணியில் நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கூடுதல் நேரம். விமான நிலையத்துக்குக் கிளம்பும் ஒருவருக்கு, சராசரியைவிட இந்த இடைவெளிதான் உதவும் எண் என்பது என் எண்ணம்.

இப்படிக் கட்டிய கோடு எத்தனை நாள் தாங்கும்? 2025 ஜனவரி 5 அன்று மன்ஹாட்டனில் 60-ம் தெருவுக்குத் தெற்கே நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வந்தது. நெரிசல் நேரத்தில் நுழையும் காருக்கு 9 டாலர். டாக்சிக் கோப்பிலும் அதற்காக `cbd_congestion_fee` என்று ஒரு பத்தி சேர்ந்தது. சாலையின் விதியே மாறியபின், 2023-ல் கற்ற ‘மைலுக்கு இத்தனை நிமிடம்’ அப்படியே செல்லுபடியாக வேண்டும் என்பதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். பழைய கோட்டைப் புதுக் கோப்பின் மேல் ஓட்டி, மிச்சத்தின் சராசரியை வாரவாரியாகப் போட்டுப் பார்த்தால் போதும். சாதாரண வாரங்களில் அது பூஜ்யத்தின் இரு பக்கமும் மாறி மாறி ஆடும். ஒரு குறிப்பிட்ட வாரத்திலிருந்து தொடர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால், அந்த வாரத்துக்குப் பிந்தைய சவாரிகளை மட்டும் எடுத்து 25 எண்களையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதுதான்.